ஒற்றை நட்சத்திரத்துக்கு ஒரு பதில்

கூகுளில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடினால் முகவரி, தொலைபேசி எண்ணோடு நட்சத்திர மதிப்பெண்ணும் வாடிக்கையாளர்கள் எழுதிய ரிவ்யூக்களும் வருகின்றன. பெரிய ஜவுளிக்கடைக்கோ மருத்துவமனைக்கோ ஆயிரக்கணக்கில் ரிவ்யூ இருக்கும். அதில் ஒன்று மோசமாக இருந்தால் கூட்டத்தோடு கரைந்துவிடும். நாலைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு ஏஜென்சியின் கதை வேறு. அதற்கு இருப்பதே ஐந்து ரிவ்யூ, ஐந்தும் ஐந்து நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டால், ஆறாவதாக ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டதும் சராசரி 5.0-லிருந்து 4.3-க்கு இறங்கிவிடும். அதே ஒற்றை நட்சத்திரம் இருபதாவது ரிவ்யூவாக வந்திருந்தால் சராசரி 4.8-ல் நிற்கும். சிறு ஏஜென்சிகள் ஒரே ஒரு ரிவ்யூவுக்காகத் தூக்கம் கெட்டுத் தவிப்பது இந்தக் கணக்கினால்தான்.

ரிவ்யூவை நிறுவனத்தால் நீக்க முடியாது. ஆனால் அதன் கீழே உரிமையாளர் என்ற முறையில் பதில் எழுதலாம். ஒரு ரிவ்யூவுக்கு ஒரு பதில்தான். அதைப் பின்னால் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். பதில் வந்ததும் ரிவ்யூ எழுதியவருக்குத் தகவல் போகும். அவரும் தன் ரிவ்யூவைத் திருத்திக்கொள்ளலாம். மாறி மாறிப் பேசிக்கொள்ள அங்கே வசதி இல்லை. ஆகவே அந்த ஒரு பதிலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பதில் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். மேலே இருப்பது பழைய வாடிக்கையாளரின் பெயர். படிக்கப்போவதோ, அடுத்த மாதம் அதே ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். அவருக்கு இரண்டு பேரையும் தெரியாது. யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க அவருக்கு நேரமும் இல்லை. நாளைக்குத் தனக்கும் இவர்களுக்கும் ஒரு பிணக்கு வந்தால் இவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதில்.

இப்படிப் பதில் எழுதுவதால் ஏதாவது மாறுகிறதா என்று ஹோட்டல்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் ப்ரொசெர்பியோ, ஜார்ஜியோஸ் ஜெர்வாஸ் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ட்ரிப்அட்வைசர் தளத்தில் பதில் சொல்லத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு ரிவ்யூக்களின் எண்ணிக்கை 12 சதவீதமும், மதிப்பெண் சராசரியாக 0.12 நட்சத்திரமும் கூடின. குறை சொல்லும் ரிவ்யூக்கள் குறைந்தன. ஆனால் வந்தவை முன்பைவிட நீளமாக இருந்தன. எழுதினால் முதலாளி படிப்பார், பதிலும் சொல்வார் என்று தெரிந்துவிட்டால், போகிற போக்கில் திட்டுபவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையான குறை உள்ளவர்கள் விவரமாக எழுதுகிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஹோட்டல் கணக்கை வெப்சைட் ஏஜென்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் ‘விவரமாக எழுதுகிறார்கள்’ என்ற பகுதி இங்கும் கவனிக்கத்தக்கது. விவரமான குறைக்கு மேலோட்டமான பதில் எழுதினால், பதில் எழுதாமலே இருந்ததைவிட மோசமாகத் தெரியும்.

உதாரணத்துக்குக் கோயம்புத்தூரில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு வெப்சைட் ஏஜென்சியை எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் ஈரோட்டில் பருத்திப் புடவை விற்கும் ஒரு கடைக்காரர். இணையத்தில் புடவை விற்க ஒரு தளம் அமைத்துத் தர மார்ச் 2 அன்று பேச்சு முடிந்தது. கோட்டேஷனில் எட்டு வாரம் என்று போட்டிருந்தது. ஜூலை 18-ல்தான் தளம் வெளிவந்தது. செப்டம்பரில் கடைக்காரர் வேறு ஏஜென்சிக்கு மாறினார். அக்டோபரில் இந்த ரிவ்யூ வந்தது:

“ரெண்டு மாசம்னு சொல்லி அஞ்சு மாசம் இழுத்தாங்க. போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க. வெளிய போறோம்னு சொன்னதும் டொமைனைப் புடிச்சு வச்சுக்கிட்டு காசு கேட்டாங்க. வெப்சைட்டால ஒரு ஆர்டர்கூட வரல. ஏமாத்துக்காரங்க, போகாதீங்க.”

இதைப் பார்த்ததும் ஏஜென்சிக்காரர் மனதில் ஓடும் பதில் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. புடவைப் படங்களை மூன்று மாதம் தராமல் இழுத்தது நீங்கள். இன்னும் 12,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பது நீங்கள். பதினான்கு ஆர்டர் வந்ததற்கு எங்களிடம் கணக்கு இருக்கிறது. பொய் சொல்வதை நிறுத்தாவிட்டால் வக்கீலைப் பார்ப்போம். இதில் முதல் மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாவது மனிதர் இதைப் படித்தால், இவர்களிடம் போனால் நம் பாக்கியும் வியாபாரக் கணக்கும் ஒருநாள் ஊருக்குத் தெரியும் என்பதைத்தான் எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. நடைமுறையில் இதுதான் அதிகம். “உங்கள் கருத்துக்கு நன்றி. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.” டொமைனைப் பற்றி ஒருவர் குற்றம் சாட்டும்போது அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத இந்தப் பதில், படிப்பவரிடம் குற்றச்சாட்டை உறுதிசெய்துவிடுகிறது. சண்டைக்குப் போகாததால் இது நிதானமான பதில் என்று எழுதியவர் நினைத்துக்கொள்வார். இதில் இருப்பது நழுவல்தான். நிதானமான பதிலுக்கு நாளும் நடந்த செயலும் வேண்டும். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லும்போது கோபமான சொற்களுக்குத் தேவையே இல்லாமல் போகிறது.

அதனால் எழுத உட்காரும் முன் பழைய ஆவணங்களைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. கோட்டேஷன், மெயில்கள், வாட்ஸ்அப் உரையாடல், இன்வாய்ஸ், அலுவலக எண்ணின் அழைப்புப் பதிவு எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளில் கோபமும் பாதி இறங்கிவிடும். ரிவ்யூ எழுதியவரின் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை என்பதற்காக ‘நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. நம் ஊரில் கடை அப்பா பெயரில் இருக்கும், கூகுள் கணக்கு மகன் பெயரில் இருக்கும், இன்வாய்ஸ் அம்மா பெயரில் உள்ள நிறுவனத்துக்குப் போயிருக்கும்.

அடுத்து ரிவ்யூவைத் தனித்தனிக் குற்றச்சாட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும்.

தாமதம்: மார்ச் 2-லிருந்து ஜூலை 18 வரை நாலரை மாதம். அவர் ஐந்து என்கிறார். அந்த அரை மாதத்துக்காக வாதாடுவது வீண். புடவைப் படங்களும் விலைப் பட்டியலும் முழுமையாக வந்து சேர்ந்தது ஜூன் 3 அன்று என்பது மெயிலில் இருக்கிறது. அதன் பிறகும் ஏஜென்சிக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பணம் செலுத்தும் வசதியை இணைப்பதில் சிக்கல். ஆக, தாமதத்தில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. பொதுவில் எழுதும்போது தன் பங்கை முதலில் சொல்ல வேண்டும். மற்றதைச் சொன்னாலும் ‘நீங்கள் தாமதித்தீர்கள்’ என்று சொல்லாமல், படங்கள் வந்து சேர்ந்த தேதியை மட்டும் சொன்னால் போதும். படிப்பவர் மீதியைப் புரிந்துகொள்வார்.

போன்: ஏஜென்சிக்காரருக்கு இது அப்பட்டமான பொய்யாகத்தான் தோன்றும். ‘நாங்கள் எந்தப் போனையும் விட்டதில்லையே’ என்பார். அழைப்புப் பதிவைத் தோண்டினால் வேறு கதை வெளிவரும். இந்த வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பணியாளர் ஆகஸ்டில் வேலையை விட்டிருக்கிறார். அவர் பயன்படுத்திய அலுவலக சிம் கார்டு மேசை டிராயரில் ஒரு பழைய செல்போனுக்குள் கிடக்கிறது. சார்ஜ் போட்டு எழுப்பிப் பார்த்தால் ஈரோட்டு எண்ணிலிருந்து தவறிய அழைப்பு ஏழு. இந்தக் குற்றச்சாட்டு முழு உண்மை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆவணத்தைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால் ஏஜென்சி பொய் சொன்னதாக ஆகியிருக்கும்.

டொமைன்: நான்கில் மிகக் கடுமையான குற்றச்சாட்டு இது. வெப்சைட்டின் முகவரிப் பெயரைத்தான் டொமைன் என்கிறார்கள். அதை ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு பதிவு நிறுவனத்திடம் பதிந்து வைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று பல ஏஜென்சிகள் தங்கள் கணக்கிலேயே பதிந்துவிடுகின்றன. உறவு நன்றாக இருக்கும்வரை யாரும் இதைப் பற்றி நினைப்பதில்லை. பிரியும்போதுதான் கடையின் பெயர் இன்னொருவர் கணக்கில் இருப்பது உறைக்கும். வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற, டொமைனின் பூட்டை நீக்கி ஒரு ரகசியக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். அது சில நிமிட வேலை. பழைய நிறுவனம் விடுவிப்பதற்கு ‘.com’ போன்ற டொமைன்களில் ஐந்து நாள் வரை ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் போகத் தேவையில்லை. நம் உதாரணத்தில் கடைக்காரர் செப்டம்பர் 3-ல் கேட்டிருக்கிறார். குறியீடு போனது 24-ல். 21 நாள். தொழில்நுட்பத்தின் மேல் பழி போட வழியில்லை. போதாக்குறைக்கு, ஏஜென்சி அவருக்கு அனுப்பிய பதில் மெயிலில் முதல் பத்தி பாக்கித் தொகை, இரண்டாவது பத்தி டொமைன். ‘காசு கொடுத்தால்தான் டொமைன்’ என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்த மெயிலை யார் படித்தாலும் அப்படித்தான் அர்த்தப்படுத்திக்கொள்வார்கள். இங்கே மறுப்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்வதுதான் வழி.

ஆர்டர்: ஏஜென்சியிடம் எண்ணிக்கை இருக்கிறது, அவர் சொல்வது தவறு என்று ஒரு வரியில் நிரூபித்துவிடலாம். ஆனால் செய்யக் கூடாது. ஒரு கடையின் ஆர்டர் கணக்கு அந்தக் கடைக்காரருடையது. வேலைக்காக ஏஜென்சியின் கைக்கு வந்த விவரம் அது. பல ஒப்பந்தங்களில் இதற்கென்று ரகசியக் காப்பு விதியே இருக்கும். ரிவ்யூவுக்குப் பதில் சொல்லும் வேகத்தில் இந்த எல்லையைத் தாண்டியவர்கள் உண்டு. அமெரிக்காவில் டல்லஸ் நகரின் எலைட் டென்டல் என்ற பல் மருத்துவமனை, யெல்ப் தளத்தில் ஒரு நோயாளியின் ரிவ்யூவுக்கு எழுதிய பதிலில் அவருடைய பெயரையும் சிகிச்சை விவரத்தையும் வெளியிட்டுவிட்டது. 2019-ல் அந்நாட்டு சுகாதாரத் துறையிடம் 10,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அது மருத்துவத் தகவலுக்கான தனிச்சட்டம்; வெப்சைட் ஏஜென்சிக்குப் பொருந்தாது. இருந்தாலும் நோயாளியோ கடைக்காரரோ, தானே பொதுவில் வந்து குறை சொன்னார் என்பதால் அவர் விவரங்களை வெளியிடும் உரிமை எதிர்த் தரப்புக்கு வந்துவிடுவதில்லை. 12,000 ரூபாய் பாக்கியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மிஞ்சியிருப்பது ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்ற சொல். அதற்குத் தனியாகப் பதில் வேண்டியதில்லை. ‘நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல’ என்று எழுதினால் அந்தச் சொல் பக்கத்தில் இன்னொரு முறை ஏறுகிறது, அதுவும் ஏஜென்சியின் கையாலேயே.

பிரித்துப் பார்த்த பிறகு எழுதும் பதில் ஏறத்தாழ இப்படி அமையும்:

“வணக்கம் சார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் மெயில்களையும் அழைப்புப் பதிவையும் எடுத்துப் பார்த்தோம். எட்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன தளம் ஜூலை 18-ல்தான் வெளிவந்தது. படங்கள் முழுமையாக வந்த ஜூன் 3-க்குப் பிறகும் ஆறு வாரம் எடுத்துக்கொண்டது எங்கள் தாமதம். ஆகஸ்டில் உங்கள் வேலையைக் கவனித்தவர் விலகியதும் அவருடைய எண்ணை யாரும் எடுக்கவில்லை; புதிய எண்ணை உங்களுக்குச் சொல்லவும் இல்லை. அது எங்கள் தவறு. டொமைனை நீங்கள் கேட்டது செப்டம்பர் 3. நாங்கள் குறியீடு அனுப்பியது 24. ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கணக்கு விஷயத்தையும் டொமைனையும் ஒரே மெயிலில் எழுதியதால், ஒன்றுக்காக மற்றதை நிறுத்திவைத்தோம் என்று நீங்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. டொமைன் இப்போது முழுமையாக உங்கள் பெயரில் இருக்கிறது. இந்த மாதத்திலிருந்து எல்லா டொமைன்களையும் வாடிக்கையாளர் கணக்கிலேயே பதிகிறோம். விற்பனை விவரங்கள் உங்களுடையவை. அவற்றை இங்கே பேசுவது முறையாகாது. பேச விரும்பினால் என் நேரடி எண் நேற்று அனுப்பிய மெயிலில் இருக்கிறது. — நிறுவனர்”

இதில் தேதிகளைப் போட்டதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. கூகுள் மேப்பில் ரிவ்யூவின் நாள் ‘மூன்று மாதங்களுக்கு முன்’, ‘ஒரு வருடத்துக்கு முன்’ என்று நகர்ந்துகொண்டே போகும். இரண்டு வருடம் கழித்துப் படிப்பவருக்கு ‘போன மாதம்’, ‘சமீபத்தில்’ போன்ற சொற்கள் குழப்பத்தையே தரும். டொமைன் பதிவு முறையை மாற்றிவிட்டோம் என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதலாம். அதைப் படித்துவிட்டு வரும் அடுத்த வாடிக்கையாளர் முதல் கூட்டத்திலேயே அதைத்தான் கேட்பார்.

‘நேற்று அனுப்பிய மெயில்’ என்பதும் வெறும் நாகரிகத்துக்காகச் சேர்த்தது இல்லை. பொதுவில் பதில் போடுவதற்கு முன் கடைக்காரருக்குத் தனியாக ஒரு மெயிலோ அழைப்போ போயிருக்க வேண்டும். ஆர்டர் எண்ணிக்கை, பாக்கித் தொகை, படங்கள் தாமதமானது என எல்லாவற்றையும் அங்கே மனம்விட்டுப் பேசலாம். பாக்கியில் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். ஆனால் ‘ரிவ்யூவை எடுத்தால் பாக்கியை விட்டுவிடுகிறோம்’ என்று மட்டும் பேரம் பேசக் கூடாது. சலுகை காட்டி ரிவ்யூவை மாற்றவோ நீக்கவோ வைப்பது கூகுளின் விதிக்கே விரோதம். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படம்பிடித்து ரிவ்யூவோடு சேர்த்துவிட்டால், இருந்த நாலு குற்றச்சாட்டு ஐந்தாகிவிடும். தள்ளுபடி நியாயம் என்று பட்டால் நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில் கை தானாகப் போகும் குறுக்கு வழிகள் வேறு சிலவும் உண்டு. ரிவ்யூ விதி மீறியது என்று கூகுளிடம் புகார் செய்யலாம். ஆபாசம், மிரட்டல், போலிக் கணக்கு, சம்பந்தமில்லாத விஷயம் என்றால் பலன் கிடைக்கும். வாடிக்கையாளர் சொல்வது தவறு என்பதற்காகக் கூகுள் எதையும் நீக்காது. உண்மை எது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அது எடுத்துக்கொள்வதில்லை. நண்பர்களையும் உறவினர்களையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது இன்னொன்று. அதுவும் விதிக்கு எதிரானது. ஒரே வாரத்தில் ‘சூப்பர் சர்வீஸ்’ என்று எட்டுப் பேர் வரிசையாக எழுதியிருப்பதைப் படிப்பவர் கவனிக்கவே செய்வார். அவதூறு வழக்கு என்பது கடைசி வழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு அதற்கு இருக்கிறது. வேலையே கொடுக்காத ஒருவர் பொய்க் கதை கட்டினால் வக்கீலிடம் போவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் அந்தப் பேச்சை ரிவ்யூவின் கீழே எழுதக் கூடாது. நம் உதாரணத்தில் நான்கில் இரண்டு குற்றச்சாட்டு ஏஜென்சியின் சொந்த ஆவணத்தாலேயே உறுதியாகிவிட்டது. வழக்கைப் பற்றி யோசிக்கவே இடமில்லை.

பதில் போட்ட பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். கடைக்காரர் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். அடிக்கடி நடப்பது இதுதான் என்று எதிர்பார்த்துக்கொள்வது நல்லது. கோபம் கூடி ரிவ்யூவை இன்னும் காரமாகத் திருத்தலாம். அதில் புதிய குற்றச்சாட்டு ஏதும் இருந்தால் மட்டும் மறுபடி ஆவணத்தைப் பார்த்து, பதிலின் முடிவில் தேதியிட்டு ஒரு வரி சேர்க்கலாம். பழையதையே உரக்கச் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். மூன்றாவதாக, போனில் பேசித் தீர்த்த பின் டொமைன் பற்றிய வரியை அவர் எடுத்துவிட்டு, ஒற்றை நட்சத்திரத்தை மூன்றாக்கலாம். அப்போது ஏஜென்சியின் பதிலையும் அன்றைக்கே திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே டொமைனைப் பற்றிப் பேச்சே இருக்காது, கீழே ஏஜென்சி மட்டும் 21 நாள் தாமதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். ரிவ்யூவையே அவர் முழுதாக நீக்கினால் பதிலும் அதோடு போய்விடும்.